கேஸ் மாத்திரையை இடித்துக் கொடுக்கலாமா? குடலில் கரையும் மாத்திரைகளில் நாம் செய்யும் தவறுகள்

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு அக்கா வந்து கேஸ் மாத்திரையான பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம் இரண்டு அட்டை கேட்டார். "அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் குறையவே மாட்டேங்குது தம்பி. ஒரு வேளை போட்டுட்டு இருந்தாரு, இப்ப டாக்டர் ரெண்டு வேளையாக்கிட்டாரு" என்றார். எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்பாவால் முழு மாத்திரையை விழுங்க முடியாதாம். சின்ன உரலில் போட்டு நுணுக்கி, தேனில் குழைத்துக் கொடுக்கிறார். ஒரு நாளும் தவறியதில்லை. அவ்வளவு அக்கறையாகக் கொடுத்தும் மருந்தில் பெரும்பகுதி வீணாகிக்கொண்டிருந்தது.

பான்டோப்ரசோல் வேலை செய்யும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. அது தடுக்க வேண்டியது இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளை. ஆனால் இரைப்பைக்குள் விழுந்த மருந்து நேராக அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளாது. சிறுகுடலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, ரத்தம் வழியாகத் திரும்பி வந்து, அந்தச் செல்களுக்குள் பின்வாசல் வழியாக நுழைய வேண்டும். அங்கே இருக்கும் அமிலம் பட்டதும் மருந்து வேறு வடிவமாக மாறி, பம்பைப் பூட்டிவிடும். ஆக, அமிலம் படத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தில்தான் படவேண்டும். இரைப்பைக் குழிக்குள்ளேயே பட்டுவிட்டால் அதே மாற்றம் அங்கேயே நடந்து, மருந்து பம்பை எட்டாமலே சிதைந்துபோகும்.

எவ்வளவு வேகமாகச் சிதையும்? பிஹெச் என்பது அமிலத்தை அளக்கும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும். பிஹெச் 7.8 உள்ள நீரில் பான்டோப்ரசோலில் பாதி சிதைய சுமார் 220 மணி நேரம் ஆகும். பிஹெச் 5 ஆனால் 2.8 மணி நேரம் போதும். வெறும் வயிற்றில் பிஹெச் 1 முதல் 2 வரைதான் இருக்கும். அங்கே கணக்கு நிமிடங்களில்.

அதனால்தான் மாத்திரையின் மேல் ஒரு பூச்சு. தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுதான். ஒரு காலத்தில் அரக்கைக்கூட இதற்குப் பயன்படுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் மெத்தக்ரிலிக் அமிலத்தில் இருந்து செய்யும் பாலிமர். அதன் சங்கிலி நெடுக அமிலக் கொக்கிகள் உண்டு. சுற்றிலும் அமிலம் இருந்தால் அவை ஹைட்ரஜனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், பூச்சு கரையாது. பிஹெச் 5.5-ஐத் தாண்டியதும் ஹைட்ரஜனை விட்டுவிட்டு மின்னேற்றம் பெறும். உடனே தண்ணீரை இழுத்துக்கொண்டு பூச்சு கரையத் தொடங்கும். கணையத்தில் இருந்து வரும் காரநீர் சேர்வதால், இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் போகும்போது இந்த அளவு வந்துவிடுகிறது. பூச்சுக்கும் மருந்துக்கும் நடுவே இன்னொரு மெல்லிய உறை இருக்கும். காரணம், பூச்சே லேசான அமிலம். நேராகத் தொட்டால் அதுவே மருந்தைக் கெடுக்கும். இவ்வளவையும் உரலில் ஒரு இடி காலி செய்துவிடுகிறது. பாதியாக உடைத்தாலும் அதேதான், உடைந்த முகத்தில் பூச்சு கிடையாது.

வாயால் சொன்னதில் அந்த அக்காவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அதனால் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தேன். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, மற்றதில் சமையல் சோடா கரைத்த நீர். டம்ளருக்கு ஒரு மாத்திரை போட்டேன். அவர் காய்கறி வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது எலுமிச்சைச் சாற்றில் மாத்திரை போட்டபடி கிடந்தது. சோடா நீரில் தோல் உரிந்து, மாவாகி, அடியில் படிந்திருந்தது. மருந்துத் தரச் சோதனையும் கிட்டத்தட்ட இதேதான்: முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் உடையாமல் தாங்க வேண்டும், பிறகு பிஹெச் 6.8 கரைசலில் ஒரு மணி நேரத்துக்குள் உடைய வேண்டும்.

இந்தப் பூச்சுக்கு இரைப்பை எது, குடல் எது என்று தெரியாது. தெரிந்தது அமிலம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த தவறு எளிதாகப் புரியும். மலச்சிக்கலுக்குப் போடும் பைசகோடைல் 5 மில்லிகிராம் மாத்திரைக்கும் இதே மாதிரிப் பூச்சுதான். அந்த மருந்து இரைப்பையில் வெளிப்பட்டால் அங்கே எரிச்சலூட்டும், அதைத் தடுக்கவே பூச்சு. நம் வீடுகளில் ராத்திரி மாத்திரையைச் சூடான பாலோடு போடுவது வழக்கம். பாலின் பிஹெச் சுமார் 6.6. பால் இரைப்பையின் அமிலத்தைக் கொஞ்ச நேரம் தணிக்கிறது. பூச்சு குடல் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அங்கேயே திறந்துகொள்கிறது. அப்புறம் குமட்டலும் வயிற்றுப் பிசைவும்தான். பாலோ அமிலம் தணிக்கும் ஜெல்லோ குடித்தால் இந்த மாத்திரைக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தண்ணீரோடு போடுங்கள்.

பான்டோப்ரசோலில் அதிகம் பார்க்கும் இன்னொரு தவறு, சாப்பிட்டு முடித்து ஏப்பம் வந்த பிறகு போடுவது. வயிற்றில் சோறு இருக்கும்போது இரைப்பையின் வாசல் அரைந்த கூழை மட்டும்தான் சிறிது சிறிதாக விடும். பூச்சு மாத்திரை கரையாத முழு உருண்டை. சாப்பாடு காலியாகும் வரை உள்ளேயே காத்துக் கிடக்கும். மருந்து ரத்தத்தில் சேர 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகலாம். மொத்த அளவு குறையாது, சரிதான். ஆனால் பம்புகள் மும்முரமாக ஓடுவது சாப்பிடும்போது, மருந்து ரத்தத்தில் தங்குவதோ சில மணி நேரம். இரண்டும் ஒரே சமயத்தில் சந்திக்கத்தான் டாக்டர்கள் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறார்கள்.

சரி, விழுங்கவே முடியாதவர்களுக்கு என்ன வழி? மாத்திரைக்குப் பதிலாகத் துகள்கள் நிரப்பிய கேப்ஸ்யூல்கள் உண்டு. அதில் ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனிப் பூச்சு. சில வகைகளைத் திறந்து ஆப்பிள் கூழ் போன்ற புளிப்பான உணவில் தூவி, மெல்லாமல் விழுங்கலாம். பாலில் கொட்டி வைத்தால் பூச்சு கரைந்துவிடும். மூக்குக் குழாய் போட்டவர்களுக்கு இடித்த மாத்திரை குழாயையே அடைத்துவிடும். மருத்துவரிடம் கேட்டு வேறு வடிவம் வாங்குவதுதான் முறை. அந்த அக்காவின் அப்பாவுக்கு டாக்டர் அதே வகை மருந்தான, வாயில் கரையும் லான்சோப்ரசோலை எழுதினார். அந்த மாத்திரைதான் கரையும், உள்ளே இருக்கும் பூச்சுத் துகள்கள் கரையாமல் உமிழ்நீரோடு இறங்கும். அவற்றைக் கடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது மறுபடி ஒரு வேளைக்கே குறைத்துவிட்டதாகச் சொன்னார்.

கடிக்கவே கூடாது என்ற இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. மாரடைப்பு என்று சந்தேகப்பட்டு ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னால், பூச்சில்லாத மாத்திரையை மென்று விழுங்க வேண்டும். கையில் பூச்சு ஆஸ்பிரின் மட்டும் இருந்தால் அதையும் மென்றுதான் விழுங்க வேண்டும். முழுதாக விழுங்கினால் மருந்து வேலையைத் தொடங்கவே மணிக்கணக்காகலாம்.

அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'கேஸ்ட்ரோ-ரெசிஸ்டன்ட்', 'என்டெரிக் கோட்டட்', 'டிலேய்ட் ரிலீஸ்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். இடிப்பதற்கும் உடைப்பதற்கும் முன்னால் அதைப் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் கடையில் கேளுங்கள், வாசித்துச் சொல்வோம்.