பழுதாகும் ஹார்டு டிஸ்க்: எந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டு தரவு மீட்பு லேபுக்கு அனுப்புவது?

ஃபோல்டரைத் திறந்தால் கம்ப்யூட்டர் அப்படியே நிற்கிறது, காப்பி பாதியில் தொங்குகிறது. இந்த நிலையில் பலரும் முதலில் ஓட்டுவது விண்டோஸின் chkdsk /r. முதல் தவறே இதுதான். ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்வதற்காக chkdsk அதே டிஸ்க்கில் எழுதும். படிக்க முடியாத பதிவுகளைச் சேதமானவை என்று முடிவுகட்டி நீக்கவும் செய்யும். போதாததற்கு, /r கொடுத்தால் டிஸ்க் முழுவதையும் படிக்கும். ரெக்கவரி சாஃப்ட்வேரை நேராக அந்த டிஸ்க்கிலேயே ஸ்கேன் செய்ய விடுவதும் கிட்டத்தட்ட இதே தவறுதான்: ஸ்கேனுக்கு ஒருமுறை, கிடைத்ததைக் காப்பி செய்ய இன்னொருமுறை என்று, தரவைப் படிக்கும் நலிந்த ஹெட் இரண்டு தடவை ஓட வேண்டியிருக்கும்.

நாமே தொடக்கூடாத டிஸ்க்கை முதலில் பிரித்துவிடுவோம். 'டிக் டிக்' என்று சீராகத் தட்டும் சத்தமோ, உரசும் சத்தமோ கேட்டால், கீழே விழுந்த டிஸ்க் என்றால், பயாஸில் தெரியவில்லை அல்லது கொள்ளளவு தவறாகக் காட்டுகிறது என்றால், மின்சாரத்தைத் துண்டித்து எடுத்து வைத்துவிடுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். தரவு பதிந்திருக்கும் சுழலும் தட்டுதான் பிளாட்டர்; ஹெட் அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. சேதமான ஹெட் பிளாட்டரில் உரசினால் காந்தப் பூச்சு சுரண்டப்படும். அங்கிருந்த தரவை எந்த லேபும் மீட்க முடியாது.

சத்தமில்லாமல் சுழல்கிறது, சரியான பெயரோடு தெரிகிறது, ஆனால் சில இடங்களில் மட்டும் தடுமாறுகிறது என்றால் ஒரு முயற்சிக்கு இடமிருக்கிறது. அதையும் இமேஜ் எடுப்பதோடு, அதாவது டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே ஃபைலாக நகலெடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதற்கு லினக்ஸில் ddrescue இருக்கிறது. போதிய காலியிடம் உள்ள வேறொரு நல்ல டிஸ்க்கில் உள்ள ஃபோல்டருக்குப் போய், பழுதான டிஸ்க்கின் பெயர் sdb தானா என்று lsblk மூலம் உறுதிசெய்த பிறகு இதைக் கொடுங்கள்:

```
sudo ddrescue -d -n /dev/sdb disk.img disk.map
```

-n கொடுத்தால் சேதமான பகுதிகளைத் துருவிக்கொண்டிருக்காமல், எளிதாக வருவதை முதலில் எடுத்துக்கொள்ளும். எது வந்தது, எது வரவில்லை என்பது disk.map ஃபைலில் பதிவாகும். இடையில் நிறுத்தினாலும் அதே கட்டளையைக் கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வீட்டு வீடியோக்கள் நிறைந்த 1 டிபி டிஸ்க் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் முழுதும் எடுக்க ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தையொட்டி ஓட்டம் முடிந்து, வராத பகுதி சில எம்பி மட்டும், அதுவும் ஓரிரு இடங்களில் என்றால் கவலையில்லை. -n-ஐ எடுத்துவிட்டு, வராத பகுதிகளை ஒருமுறை மறுபடி முயலச் சொல்லும் -r1 சேர்த்து இன்னொரு முறை ஓட்டலாம். அதன்பின் ரெக்கவரி சாஃப்ட்வேரை disk.img மீது மட்டும் ஓட்டுங்கள்.

வேறு மாதிரியும் நடக்கலாம். கொஞ்ச தூரம் 100 எம்பி வேகத்தில் போகிறது, அடுத்த பகுதியில் சில கேபிக்கு விழுகிறது, மறுபடி வேகமெடுக்கிறது, மறுபடி விழுகிறது. மேப் ஃபைலைப் படமாகக் காட்டும் ddrescueview-வில் disk.map-ஐத் திறந்தால் நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சீரான இடைவெளியில் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரு ஹெட் போய்விட்டது என்பதற்கான அடையாளம் இது. பிளாட்டரின் ஒரு பரப்பில் சிறிது தூரம் எழுதியதும் டிஸ்க் அடுத்த ஹெட்டுக்கு மாறும், சுற்றிச் சுற்றி இப்படியே போகும். அதனால் 4 ஹெட்களில் ஒன்று செத்தால் டிஸ்க் முழுவதும் சுமார் கால்பங்கு பட்டைகளாக விடுபடும். முக்கால்பங்கு வந்துவிட்டதே என்று நிம்மதி கொள்ளக் கூடாது. பெரிய வீடியோ ஒவ்வொன்றும் பல பட்டைகளைக் கடந்து கிடப்பதால் பெரும்பாலானவை ஓட்டையோடுதான் வரும்.

இந்தப் பட்டைகளைக் கண்டதும் Ctrl+C கொடுத்து நிறுத்துங்கள். "இன்னும் ஒருமுறை -r3 போட்டுப் பார்ப்போமே" என்ற ஆசைதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. நின்ற டிஸ்க்கை லேப் எடுத்தால், கெட்ட ஹெட்டை அணைத்துவிட்டு மற்ற பரப்புகளை முதலில் பத்திரமாகப் படிக்கும். பிறகு அதே மாடலின் இன்னொரு டிஸ்க்கிலிருந்து ஹெட்களை எடுத்துத் தூசியற்ற சூழலில் பொருத்தும். பிளாட்டர் அதற்குள் கீறப்பட்டிருந்தால் அந்தப் புது ஹெட்களும் அதே இடத்தில் அடிபடும். ஓட்டத்தின் நடுவே /dev/sdb மறைந்து போனாலும், முதலில் இல்லாத சத்தம் வந்தாலும் உடனே நிறுத்த வேண்டியதுதான்.

மூடியைத் திறப்பது, ஃப்ரீசரில் வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் ஈரம் படியும். வேறொரு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றுவதும் பொதுவாகப் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் பல மாடல்களில் அந்த போர்டில் உள்ள சிப்பிலேயே இருக்கின்றன. போர்டு மாற்றிப் பார்த்திருந்தால் பழைய போர்டைத் தூக்கிப் போடாமல் டிஸ்க்கோடு சேர்த்துக் கொடுங்கள்.

லேபில் கொடுக்கும்போது disk.img, disk.map இரண்டையும் தாருங்கள். என்னென்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மிகவும் வேண்டிய ஃபோல்டர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், ஹெட் தாங்கும் நேரத்துக்குள் அவற்றை முதலில் எடுக்கப் பார்ப்பார்கள்.