மிஞ்சிய ஆம்பியூல் எங்கே போகிறது? செறிவூட்டிய பொட்டாசியத்தைத் தனியே வைப்பது குறித்து வார்டு செவிலியர்களுக்கு மருந்தாளுநரின் அறிவிப்பு

வார்டுகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பணியாற்றும் செவிலியர்கள் அனைவருக்கும், குறிப்பாகப் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, இந்த அறிவிப்பை எழுதுகிறேன். வரும் திங்கட்கிழமை முதல் பொது வார்டுகளில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல்கள் இருப்பு வைக்கப்படமாட்டாது. அதற்கான காரணத்தையும், உங்கள் வார்டில் இதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதையும் கீழே விளக்கியிருக்கிறேன்.

நமக்கு வரும் கே.சி.எல். ஆம்பியூல் 10 மில்லி கொண்டது. 15 சதவீதச் செறிவில் அதற்குள் 1.5 கிராம் மருந்து, அதாவது 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் அதன் கனம் புரியாது. வளர்ந்த ஒருவரின் ரத்தத்தில் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஏறத்தாழ 3 லிட்டர். ஒவ்வொரு லிட்டரிலும் பொட்டாசியம் 4 மில்லி ஈக்விவலன்ட் அளவில் இருக்கும். ஆக, அவருடைய பிளாஸ்மா முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் பொட்டாசியம் சுமார் 12 மில்லி ஈக்விவலன்ட்தான், ஒரே ஆம்பியூலில் அதைவிட அதிகம் இருக்கிறது. இதய தசைச் செல்லின் உள்ளேயும் வெளியேயும் உள்ள பொட்டாசிய வேறுபாட்டை நம்பித்தான் இதயம் துடிக்கிறது. நரம்பு வழியாக இந்த ஆம்பியூலை நீர்க்காமல் வேகமாகச் செலுத்தினால் அந்த வேறுபாடு குலைந்து, துடிப்பு சில நிமிடங்களுக்குள் நின்றுவிடக்கூடும்.

அதிக எச்சரிக்கைக்குரிய மருந்து என்று நாம் சொல்வது இதைத்தான். இவ்வகை மருந்துகளில் தவறுகள் அதிகம் நடக்கின்றன என்பது அதன் பொருளல்ல, ஒரு தவறு நடந்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது என்பதே பொருள். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 1998இல் வெளியிட்ட தன் முதல் எச்சரிக்கை அறிக்கையே பொட்டாசியம் குளோரைடைப் பற்றியதுதான். பிரிட்டனில் 2002இலும், உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து 2007இலும் இதே அறிவுரை வந்தது: செறிவான ஆம்பியூலை வார்டு அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இரவு, ஒரு நோயாளிக்காக வரவழைத்த கே.சி.எல்.லில் இரண்டு ஆம்பியூல்கள், மருத்துவர் உத்தரவை மாற்றியதால் மிஞ்சிவிட்டன. மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்ப அந்நேரத்தில் ஆளில்லை என்று யாரோ அவற்றைக் கைக்கெட்டிய டிரேயில் வைத்துவிட்டார்கள். அது ஊசி மருந்து கரைக்கும் ஸ்டெரைல் வாட்டர் இருந்த டிரே. இரண்டும் ஒரே அளவு, இரண்டும் நிறமற்ற திரவம். காலை ஆறு மணிக்கு செஃப்ட்ரையாக்சோன் ஒரு கிராம் வயலைக் கரைக்க, செவிலியர் ஒருவர் அந்த டிரேயிலிருந்து ஓர் ஆம்பியூலை எடுத்து, உடைத்து, சிரிஞ்சில் உறிஞ்சிவிட்டார். காலி ஆம்பியூலைப் போடும் முன் பெயரை மறுபடி படிக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததால், அந்த ஊசி நோயாளியிடம் போகவில்லை. அவர் அறியாமையாலோ அசட்டையாலோ அந்த ஆம்பியூலை எடுக்கவில்லை. அந்த இடத்தில் கே.சி.எல். இருக்கும் என்று நினைக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. நான் அன்றிலிருந்து மிஞ்சிய ஆம்பியூலைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறேன், கீழே உள்ள படிகளும் அதைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

படி 1: வார்டு முழுவதும் தேடுங்கள்

மருந்து அலமாரியை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதிவிட வேண்டாம். ஊசி போடும் டிராலியின் கீழ்த்தட்டு, டிரெஸ்ஸிங் டிரே, அவசர சிகிச்சை டிராலி, மேசை இழுப்பறை, டிஸ்சார்ஜ் ஆன நோயாளியின் மருந்துப் பை என்று ஒவ்வொன்றையும் இருவராகச் சேர்ந்து பாருங்கள். 10 மில்லி ஆம்பியூல் எதைக் கண்டாலும் கையில் எடுத்துப் பெயரைப் படியுங்கள். மூடியின் நிறத்தையோ லேபிளின் நிறத்தையோ வைத்து முடிவு செய்ய வேண்டாம். கொள்முதலில் நிறுவனம் மாறும்போது ஆம்பியூலின் தோற்றமும் மாறிவிடும், போன மாதம் சிவப்பு எழுத்தில் வந்தது இந்த மாதம் நீலத்தில் வரலாம். கிடைத்தவற்றை எண்ணி, வார்டு பொறுப்புச் செவிலியரின் கையொப்பத்துடன் மருந்தகத்தில் ஒப்படையுங்கள். எத்தனை கிடைத்தாலும் அதற்காக யாரிடமும் விளக்கம் கேட்கப்படாது.

படி 2: எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது

தீவிர சிகிச்சைப் பிரிவு, அவசர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு ஆகிய மூன்று இடங்களில் மட்டும் குறைந்த எண்ணிக்கையில், பூட்டிய தனிப் பெட்டியில் கே.சி.எல். இருக்கும். பெட்டியின் மேல் "நீர்க்காமல் செலுத்தினால் உயிருக்கு ஆபத்து" என்ற சிவப்பு ஒட்டியும், ஒவ்வோர் ஆம்பியூலின் மீதும் மருந்தகம் ஒட்டும் சிறிய ஒட்டியும் இருக்கும். சாவி அந்த ஷிஃப்டின் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும், பெட்டியின் மேலேயே தொங்கக்கூடாது. பெட்டிக்குள் வேறு எந்த மருந்தையும் வைக்க வேண்டாம். பொட்டாசியம் மிகும்போது இதயத்தைக் காக்க மருத்துவர் கேட்கும் கால்சியம் குளுக்கோனேட்டும் 10 மில்லி ஆம்பியூலில்தான் வருகிறது. இரண்டும் சேர்ந்தே தேவைப்படும் என்று எண்ணி ஒரே பெட்டியில் வைத்தால், பதற்றமான நேரத்தில் கை மாறி எடுத்துவிடும். அதன் இடம் அவசர சிகிச்சை டிராலிதான்.

படி 3: ஒரு நோயாளிக்காக வரவழைப்பது

பொது வார்டில் கே.சி.எல். தேவைப்பட்டால், நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், கடைசியாகப் பார்த்த பொட்டாசிய அளவு, அது எடுக்கப்பட்ட நேரம் ஆகியவற்றுடன் இண்டென்ட் அனுப்புங்கள். "கே.சி.எல். ஒரு ஆம்பியூல்" என்று மட்டும் எழுதப்பட்ட உத்தரவை மருந்தகம் ஏற்காது. எத்தனை மில்லி ஈக்விவலன்ட், எந்தத் திரவத்தில், எவ்வளவு நேரத்தில் என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடந்த சில மணி நேரத்தில் நோயாளிக்குச் சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது என்பதையும் பாருங்கள். சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் செலுத்திய பொட்டாசியம் உடலிலேயே தங்கிவிடும், ஆகவே சிறுநீர் குறைந்திருந்தால் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தகம் இரவிலும் திறந்திருக்கும். அவசரம் என்று குறித்தால் மருந்தாளுநரே வார்டுக்குக் கொண்டு வந்து தருவார்.

படி 4: கலப்பது

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்த 58 வயதுப் பெண்ணுக்குப் பொட்டாசியம் 2.9 இருக்கிறது, இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. மருத்துவர் 20 மில்லி ஈக்விவலன்ட் கே.சி.எல்.லை 500 மில்லி நார்மல் சலைனில் கலந்து 4 மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார். 20ஐ 500 மில்லியில் கலந்தால் லிட்டருக்கு 40 ஆகிறது. கையிலுள்ள சாதாரண நரம்பு வழியாக ஏற்ற இதுவே பொதுவான மேல் வரம்பு. நான்கு மணி நேரத்தில் 20 என்றால் மணிக்கு 5; மானிட்டர் இல்லாத வார்டில் மணிக்கு 10ஐத் தாண்டக்கூடாது என்ற வரம்புக்குள் அது அடங்குகிறது. வேகம் மணிக்கு 125 மில்லி. பம்ப் இருந்தால் அதில்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால், ஒரு மில்லிக்கு 20 துளி விழும் செட்டில் நிமிடத்துக்குச் சுமார் 42 துளிகள் வர வேண்டும்.

இந்தக் கணக்கை இரண்டு செவிலியர்கள் தனித்தனியே போட வேண்டும். ஒருவர் போட்ட விடையை மற்றவர் பார்த்துத் தலையசைப்பது சரிபார்ப்பு ஆகாது. இருவரும் ஆம்பியூலின் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகே அதை உடைக்க வேண்டும்.

தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் கே.சி.எல்.லை ஒருபோதும் சேர்க்காதீர்கள். செறிவான கரைசல் சலைனைவிட அடர்த்தி மிகுந்தது. கலக்காமல் விட்டால் அடியில், அதாவது குழாய் செருகும் வாயருகே, தேங்கி நின்று முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி உள்ளே போய்விடும். சரியாக நீர்த்த மருந்து என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும்போதே நேரடி ஊசியின் ஆபத்து நிகழ்கிறது. ஆகவே ஏற்றத் தொடங்காத புதிய பாட்டிலை மேசையில் வைத்து, மருந்தைச் சேர்த்து, குறைந்தது பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்திய பிறகு, மருந்தின் பெயர், அளவு, நேரம், இருவரின் கையொப்பம் கொண்ட லேபிளை ஒட்டித் தொங்கவிடுங்கள்.

நோயாளி கையில் எரிச்சல் என்று சொன்னால் துளியின் வேகத்தையும் ஊசி செருகிய இடத்தையும் உடனே பாருங்கள். நாடித்துடிப்பு குறைந்தாலோ சீரற்றுப் போனாலோ, கை கால்கள் தளர்வதாக அவர் சொன்னாலோ, மானிட்டரில் டி அலை கூர்மையாக உயர்ந்தாலோ, முதலில் பாட்டிலை நிறுத்திவிட்டுப் பிறகு மருத்துவரை அழையுங்கள்.

படி 5: மிஞ்சியதைத் திருப்புவது

உத்தரவு மாறினாலும், நோயாளி வேறு வார்டுக்குப் போனாலும், உடைக்காத ஆம்பியூல் அதே ஷிஃப்டுக்குள் மருந்தகத்துக்குத் திரும்பி வர வேண்டும். ஆளில்லாத நேரத்தில் தொலைபேசியில் சொன்னால் நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம். கொடுத்த எண்ணிக்கையும் கலந்த எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால், ஷிஃப்ட் மாறும் முன் மருந்தகத்திலிருந்து அழைப்பு வரும்.

மற்ற மருந்துகள்

தனியே வைப்பதற்கு எல்லா மருந்துகளுக்கும் ஒரே முறை பொருந்தாது. பிரசவ வார்டில் வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் அந்த நொடியே வேண்டும் என்பதால் அதை வார்டிலிருந்து எடுக்கமாட்டோம். 2 மில்லியில் ஒரு கிராம் உள்ள அந்த ஆம்பியூல்களை, நீர்க்கும் அளவு எழுதிய அட்டையுடன் தனிப் பெட்டியாகத் தருவோம். சக்சினைல்கோலின், அட்ராகூரியம் போன்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தும் மருந்துகளைக் குளிர்பெட்டியில் வைத்தே ஆக வேண்டும். அவை தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அவசரப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் மட்டும், மூடியுள்ள பெட்டியில் இருக்கும். இன்சுலினும் தடுப்பூசியும் இருக்கும் தட்டில் அவற்றை வைக்கக்கூடாது.

இன்சுலினில் சிக்கல் வேறு. மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலும் 100 யூனிட் உள்ள வயலும் நம் நாட்டில் புழங்குகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி சிரிஞ்ச் உண்டு. 40க்கான சிரிஞ்சில் 10 யூனிட் கோடு வரை 100 யூனிட் வயலிலிருந்து எடுத்தால், நோயாளிக்குப் போவது 25 யூனிட். ஆகவே வார்டுகளுக்கு இனி 40 யூனிட் வயலும் அதற்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சும் மட்டுமே வரும். நோயாளி வீட்டிலிருந்து கொண்டு வரும் இன்சுலினை வார்டு குளிர்பெட்டியில் வைக்காமல், பெயர் எழுதி மருந்தகத்துக்கு அனுப்புங்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் மருந்தாளுநர் ஒருவர் வார்டுக்கு வந்து, படி 1இல் சொன்ன இடங்களை உங்களில் ஒருவருடன் சேர்ந்து மறுபடி பார்ப்பார்.