சேனலைப் பின்தொடர்ந்தால் என் எண் தெரியுமா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் அலை, காற்று எச்சரிக்கைக்காக ஒரு வாட்ஸ்அப் சேனலைப் பின்தொடர்கிறேன். சத்தம் தொல்லையானதும், சேனலைத் திறந்து மேலே உள்ள மணிச் சின்னத்தைத் தொட்டேன், அறிவிப்பு நின்றது. பதிவுகள் அப்டேட்ஸ் பகுதியில் வந்துகொண்டேதான் இருக்கும். புயல் நாட்களில் மட்டும் மணியைத் திரும்பப் போடுவது நல்லது.

பின்தொடர்வதால் அட்மினுக்கு நம் எண் தெரியாது, அவர் ஏற்கெனவே சேமித்திருந்தால் தவிர. மற்ற பின்தொடர்பவர்களுக்கும் தெரியாது. பெயரும், தனியுரிமை அமைப்பு அனுமதித்தால் முகப்புப் படமும் அட்மின் கண்ணில் படலாம். அதனால் படத்தை ‘என் தொடர்புகள்’ என மாற்றிவிட்டேன்.

எண் கசிவது வேறு வழியில். “விவரத்துக்கு எழுதுங்கள்” என்ற பதிவின் wa.me இணைப்பைத் தொட்டுச் செய்தி அனுப்பினால், அது தனி உரையாடல். எண் அப்போதே போய்விடும்.