‘21 முதல்’ என்று மட்டும் எழுதினால் போதாது: அலுவலக இடமாற்ற அறிவித்தலில் நாங்கள் விட்ட தவறுகள்

ஹட்டனில் தராசு பழுதுபார்க்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் தராசுகள்தான் எங்கள் பிழைப்பு. 2024 ஜூனில் மெயின் வீதியில் இருந்த மாடி அறையை விட்டு, அதே நகரத்திலேயே கொஞ்சம் பெரிய இடத்துக்குப் போனோம். வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தல் எழுதியது நான்தான். இப்படி இருந்தது:

“எமது அலுவலகம் எதிர்வரும் 21.06.2024 முதல் புதிய முகவரிக்கு இடம்மாற்றப்படுகிறது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம். இதனால் ஏற்படக்கூடிய அசௌகரியங்களுக்கு வருந்துகிறோம்.”

கீழே புதிய முகவரி. முதலாளி வாசித்துவிட்டு “நல்லா இருக்கு” என்றார். நல்ல தமிழ்தான், எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் 20ஆம் திகதி வியாழக்கிழமை காலை மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு தராசு வந்து, பழைய கட்டடத்துக்குக் கீழே உள்ள தேநீர்க் கடையில் இறங்கியது. நாங்கள் அந்த நேரம் லொறியில் மேசை ஏற்றிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் அதைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார். எங்கள் கைக்கு அது கிடைத்தது அடுத்த திங்கட்கிழமை பின்னேரம். ஜூன் மாத மழையில் ஈரம் ஏறி, பழுதான பாகம் ஒன்றுக்கு இரண்டாகியிருந்தது.

தராசு அனுப்பிய கிளாக்கர் தொலைபேசியில் சொன்னது இது: “நீங்க 21 முதல்னுதானே போட்டிருந்தீங்க? 20ஆம் திகதி பழைய இடத்துல இருப்பீங்கன்னு நினைச்சேன்.” அவர் வாசித்ததில் ஒரு பிழையும் இல்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடம்மாறுவது ஒரு திகதியில் நடக்கிற காரியம் இல்லை என்று. எங்களுக்கு ஐந்து திகதிகள் இருந்தன. பழைய இடத்தில் கடைசியாகத் தராசு வாங்கியது 19ஆம் திகதி புதன் மதியம். 20ஆம் திகதி முழுக்கச் சாமான் ஏற்றி இறக்கினோம். 21 வெள்ளி பொசன் போயா, அன்று விடுமுறை. 24 திங்கள் புதிய இடத்தில் கதவு திறந்தோம். ஆனால் பழுதுபார்க்கும் மேசைக்கு மின்சாரம் இழுத்து, சோதனை எடைக்கற்களை வைக்க மட்டம் பார்த்து முடிய 26 புதன் ஆகிவிட்டது. இதில் எந்தத் திகதி ‘இடமாற்றத் திகதி’? நான் எழுதிய 21, உண்மையில் இந்த ஐந்தில் ஒன்றுமே நடக்காத ஒரே நாள். நீண்ட வார இறுதி கிடைக்கிறதே என்று போயாவை ஒட்டி மாறுவது நல்ல யோசனைதான். அந்தப் போயாத் திகதியையே அறிவித்தலில் போட்டதுதான் பிழை.

அதனால் அறிவித்தல் எழுத உட்காரும்போது ‘நாங்கள் எப்போது மாறுகிறோம்’ என்று தொடங்காதீர்கள். வாசிப்பவர் கையில் ஒரு பொருளோ காசோலையோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்த நாள் வரை பழைய இடத்துக்கு வரலாம், எந்த நாட்களில் எங்கேயும் வரக்கூடாது, எந்த நாளிலிருந்து புதிய இடத்துக்கு வரலாம்? இந்த மூன்றுக்கும் கிழமையோடு திகதி வேண்டும். ‘19 புதன்’ என்று எழுதினால், திகதியில் தட்டச்சுப் பிழை விட்டாலும் கிழமை காட்டிக் கொடுத்துவிடும். 06.07 என்பது ஜூலை ஆறா, ஜூன் ஏழா என்று யாரும் குழம்பாதபடி மாதத்தின் பெயரையும் எழுத்தில் எழுதிவிடுங்கள்.

இனி அந்த ‘அசௌகரியங்களுக்கு வருந்துகிறோம்’. மரியாதையான வாக்கியம்தான், ஆனால் ஒரு தகவலும் இல்லை. எந்தச் சேவை நிற்கும், எது நிற்காது என்று சொல்ல வேண்டிய இடத்தில் வருத்தம் மட்டும் தெரிவித்தால், வாசிப்பவர் தனக்குத் தோன்றியபடி முடிவு செய்துகொள்வார். எங்களுக்கு அது இரண்டு பக்கமும் அடித்தது. சிலர் எல்லாமே வழமைபோல நடக்கும் என்று தராசு அனுப்பினார்கள். வேறு சிலர் எல்லாமே நின்றுவிட்டது என்று நினைத்து, தோட்டத்துக்கே போய்ப் பார்க்கும் வேலைக்குக்கூட எங்களைக் கூப்பிடவில்லை. அந்த வாரம் எங்கள் தொழில்நுட்பப் பையன் மோட்டார் சைக்கிளோடு சும்மா நின்றான்.

உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் பதில் சுலபம். தராசு வாங்குவது நான்கு நாட்கள் (20 முதல் 23 வரை) நிற்கும். மேசையில் வைத்துச் செய்யும் பழுது 20 முதல் 25 வரை நிற்கும். தோட்டத்துக்குப் போய்ச் செய்யும் அவசர வேலை போயா தவிர மற்ற நாட்களில் நிற்காது. கைத்தொலைபேசி நிற்காது. ஏற்கெனவே எங்களிடம் கிடக்கும் தராசுகள் 19ஆம் திகதிக்குள் முடிந்தால் அன்றே எடுக்கலாம், இல்லையென்றால் 27க்குப் பிறகுதான். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பொருளை ஏற்கெனவே கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்குப் பொது அறிவித்தல் போதாது, தனியாக ஒரு அழைப்பு எடுக்க வேண்டும். எங்களிடம் அப்போது பதினொரு தராசு இருந்தது. பதினொரு அழைப்பு என்பது அரை நாள் வேலை, அவ்வளவுதான். அதைச் செய்யாததால் ஒரு டிவிஷனில் மூன்று நாள் பழைய சுருள் தராசில் நிறுத்து, கொழுந்து எடுத்தவர்களிடம் கணக்குப்பிள்ளை பேச்சு வாங்கியிருக்கிறார். கிலோவுக்குக் கிலோ சண்டை போடும் இடம் அது.

முகவரியைப் பற்றி நம் பக்கத்தில் தனியாகவே பேச வேண்டும். தபாலுக்கு ஒரு முகவரி, வருகிற ஆளுக்கு ஒரு முகவரி. ‘இல. 47/2’ என்று போட்டால் தபால்காரருக்கு விளங்கும். தோட்டத்திலிருந்து தராசைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு விளங்காது, மலை நகரங்களில் பல கட்டடங்களில் இலக்கமே எழுதியிருப்பதில்லை. அவருக்கு வேண்டியது இப்படி: ‘பஸ் நிலையத்திலிருந்து டிக்கோயாப் பக்கம் ஏறக்குறைய 400 மீற்றர், இடது கைப்பக்கம், ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடி, படி பக்கவாட்டில்.’ அந்தப் ‘படி பக்கவாட்டில்’ என்பதைச் சேர்க்காத முதல் வாரத்தில், ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒரு நாளைக்கு இருபது தடவை எங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் பொருள் அனுப்பும் பழக்கம் உள்ள ஊரில் இன்னொரு ஆளும் உங்கள் வாடிக்கையாளர்தான்: கண்டக்டர். அவர் உங்கள் கடிதத்தை வாசிக்கப்போவதில்லை. பொருளின் மேல் ஒட்டும் சீட்டில் புதிய இடமும் கைத்தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். பழைய சீட்டுகள் தோட்ட ஆபிஸ் லாச்சியில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அறிவித்தலோடு பத்துப் புதிய சீட்டு வைத்து அனுப்புங்கள், பழையதைக் கிழித்துவிடச் சொல்லுங்கள்.

தொலைபேசி பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் ஹட்டனுக்குள்ளேயே மாறியதால் 051இல் தொடங்கும் இலக்கம் மாறவில்லை. நுவரெலியாவுக்குப் போயிருந்தால் 052, பண்டாரவளைக்குப் போயிருந்தால் 057. அப்படி மாறுபவர்கள் நிலையான இலக்கமும் மாறும் என்று எடுத்துக்கொண்டு, அறிவித்தலில் கைத்தொலைபேசியை முதலில் போடுவது நல்லது.

வாடிக்கையாளருக்கு எழுதிய அதே கடிதத்தைக் கொழும்பில் உதிரிப்பாகம் தருகிறவருக்கும், கொரியருக்கும், வங்கிக்கும் நகல் எடுத்து அனுப்பியது அடுத்த தவறு. அவர்களுக்கு ஹார்ட்வெயார் கடை அடையாளம் தேவையில்லை. உதிரிப்பாகம் தருகிறவருக்குத் தேவை, ‘18ஆம் திகதிக்குப் பிறகு எதையும் பழைய முகவரிக்கு அனுப்ப வேண்டாம், வழியில் இருப்பவற்றின் பட்டியலைத் தாருங்கள்’ என்ற இரண்டு வரி. பில்லில் எந்த முகவரி வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலுவலகம் மாறினாலும் நிறுவனத்தின் பதிவு முகவரி அப்படியே இருக்கலாம், அல்லது அதுவும் மாறலாம். கம்பெனியாகப் பதிந்தவர்கள் பதிவு முகவரியை மாற்றினால் கம்பெனிப் பதிவாளருக்கும், வியாபாரப் பெயர் மட்டும் பதிந்தவர்கள் பிரதேச செயலகம் வழியாகவும் அறிவிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையையும் வாடிக்கையாளர் கடிதத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஒரு வரி மட்டும் எல்லோருக்கும் பொது: ‘எமது வங்கிக் கணக்கு இலக்கம் மாறவில்லை.’ இடமாற்றச் செய்தி வெளியே போன பிறகு, ‘கணக்கும் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்’ என்று மோசடிக்காரர்கள் போலிச் செய்தி அனுப்ப அது நல்ல சந்தர்ப்பம். நாங்கள் அந்த வரியைப் போடவில்லை. மோசடி ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் இரண்டு தோட்டங்கள் சந்தேகத்தில் கொடுப்பனவை நிறுத்தி வைத்துவிட்டு எங்களைக் கேட்டன. கேட்டது சரி.

எப்போது அனுப்புவது? நான் ஜூன் 10ஐ ஒட்டி அனுப்பினேன். தோட்டச் சம்பளம் போடும் நாட்களில் ஆபிஸில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது, கடிதம் பைலுக்குள் போய்விடும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கடிதம், சம்பள வேலை ஓய்ந்த பிறகு, அதாவது மாறுவதற்கு நான்கைந்து நாள் இருக்கும்போது வட்ஸ்அப்பில் ஒரு குறுஞ்செய்தி என்று இரண்டு தடவை போயிருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் பூப்போட்ட படமாக அனுப்பாதீர்கள். படத்திலிருந்து முகவரியை நகல் எடுத்து இன்னொருவருக்கு அனுப்புவது பலருக்குச் சிரமம், பிறகு தேடினாலும் லேசில் அகப்படாது. எழுத்தாகவே அனுப்புங்கள். கடிதம் துரை பெயருக்குப் போனாலும் தராசைக் கட்டி அனுப்புகிறவர் கிளாக்கர், ஆகவே குறுஞ்செய்தி அவருக்குப் போக வேண்டும். சிங்களத்திலும் ஒரு பிரதி வைத்திருங்கள், கண்டக்டருக்கும் கொரியர் சாரதிக்கும் அதுதான் உதவும்.

இன்று எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்:

“எங்கள் அலுவலகம் இடம் மாறுகிறது.
பழைய இடத்தில் தராசு ஏற்கும் கடைசி நேரம்: ஜூன் 19 புதன், மதியம் 12 மணி.
ஜூன் 20 வியாழன் முதல் 23 ஞாயிறு வரை எந்த இடத்திலும் தராசு ஏற்க மாட்டோம். பஸ்ஸிலும் அனுப்ப வேண்டாம்.
புதிய இடத்தில் ஏற்கத் தொடங்குவது: ஜூன் 24 திங்கள், காலை 8.30. பழுது வேலை 26 புதன் தொடங்கும்.
தோட்டத்துக்கு வந்து செய்யும் அவசர வேலை, 21 போயா தவிர, வழமைபோல நடக்கும். கைத்தொலைபேசி இலக்கமும் வங்கிக் கணக்கும் மாறவில்லை.
புதிய இடம்: பஸ் நிலையத்திலிருந்து டிக்கோயாப் பக்கம் 400 மீற்றர், இடது பக்கம், ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடி, படி பக்கவாட்டில். தபால் முகவரி கீழே.”

‘மகிழ்ச்சியுடன்’ இதில் இல்லை. முதலாளிக்கு அது கொஞ்சம் குறைதான், வேண்டுமானால் முதல் வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய கதவில் ஒட்டிய தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறும் தாளில் எழுதி ஒட்டினோம், மூன்றாம் நாள் மழைச் சாரலில் மை கரைந்து இலக்கம் போய்விட்டது. பிறகு லெமினேட் செய்து ஒட்டினோம், தேநீர்க் கடைக்காரரிடமும் ஒன்று கொடுத்தோம். தபாலகத்திலும் எழுதிக் கொடுத்தோம். செப்டெம்பர் வரைக்கும் மாதத்தில் ஒன்றிரண்டு தராசு அந்தக் கடையில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அவர் உடனே அழைப்பு எடுத்துவிடுவார்.