மாவு பாக்கெட்டில் 24,000 லாபம் எடுக்கக் கணக்கைத் திருத்திய கதை

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். பாக்கெட் 40 ரூபாய். அரிசி, உளுந்து, கவர், கரண்ட் எல்லாம் 28 போக 12 ரூபாய் நிற்கும். வாடகையும் சம்பளமும் மாதம் 36,000. ஆக 3,000 பாக்கெட்டில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 4,000 விற்றேன், 12,000 லாபம்.

லாபம் 24,000 ஆக வேண்டும் என்று 36,000-ஐயும் 24,000-ஐயும் கூட்டி 12-ஆல் வகுத்தேன். 5,000 பாக்கெட் என்று வந்தது. கூடுதல் 1,000 பாக்கெட்டை மளிகைக் கடைகளுக்குக் கொடுத்தேன். மாதக் கடைசியில் கையில் 16,000தான்!

கடைக்குக் கமிஷன் 4 ரூபாய், அதனால் அங்கே 8 ரூபாய்தான் நிற்கிறது. ஃப்ரிட்ஜ் வாடகை 4,000 வேறு. பழைய 12-ஐப் புது விற்பனைக்கும் போட்டதுதான் தவறு.

அப்புறம் கூடுதலை மட்டும் தனியாகப் போட்டேன். லாபத்துக்கு 12,000, ஃப்ரிட்ஜுக்கு 4,000, மொத்தம் 16,000. அதை 8-ஆல் வகுத்தால் 2,000 பாக்கெட். கடைகளுக்கு அவ்வளவு போன மாதம் 24,000 சரியாக வந்தது.

விற்பனை எவ்வளவு குறைந்தால் லாபம் முழுதும் போகும் என்ற பாதுகாப்பு எல்லையையும் பார்த்தேன். நேரடி விற்பனையில் நிற்கும் 48,000, கடையில் நிற்கும் 16,000, இரண்டும் சேர்ந்த மொத்தப் பங்களிப்பு 64,000. லாபம் 24,000-ஐ அதனால் வகுத்தால் 37.5 சதவீதம். ஆனால் இரண்டு விற்பனையும் ஒரே விகிதத்தில் குறைந்தால்தான் இது பொருந்தும். நேரடி வாடிக்கையாளர்கள் மட்டும் விலகினால் 2,000 பாக்கெட்டிலேயே, அதாவது மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததுமே, லாபம் முழுதும் போய்விடும். இப்போது இந்த இரண்டாவது எண்ணைத்தான் மாதாமாதம் பார்க்கிறேன்.