அலை நுரைக்கு மேல் பெயர் போடும்போது

உப்புவெளியில் கரைவலை இழுப்பதை வீடியோ எடுத்து, கீழே வெள்ளை எழுத்தில் ஒருவரின் பெயரைப் போட்டால், அலை கரையில் உடைந்து நுரைக்கிற நேரம் பாதிப் பெயர் காணாமல் போய்விடும். உடனே எல்லாரும் செய்வது எழுத்தைச் சுற்றித் தடித்த கறுப்பு அவுட்லைன் போடுவதுதான். ஆங்கில எழுத்துக்கு அது ஓரளவு சரிவரும், தமிழுக்கு வராது, ஏனென்றால் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் ‘ணி’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகளும் அடைபட்டு எழுத்தே ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும்.

அவுட்லைனை விடுங்கள். எழுத்துக்குப் பின்னால் 60% அளவு ஒபாசிட்டியில் ஒரு கறுப்புப் பட்டை வைத்து, அதன் மேல் விளிம்பை மட்டும் மெதுவாக மங்கவிடுங்கள், பட்டை ஒட்டவைத்த மாதிரித் தெரியாது. மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’ வளைவுகளும், கீழே ‘கு’, ‘மூ’ வால்களும் இருப்பதால் இரண்டு வரி என்றால் இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

அப்புறம், பெயர் தோன்றுகிற முதல் ஃபிரேமில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பெயர் நிற்கிற நேரத்துக்குள் நுரை அதிகமாக வெளுக்கிற ஃபிரேமில் நிறுத்தி, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் எழுத்தின் நிறத்தை மாற்றிப் பயனில்லை, பட்டையைத்தான் இன்னும் கறுப்பாக்க வேண்டும்.