மொழிபெயர்ப்பு வசனத்தில் எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா? கொரியப் படம் ஒன்றை வைத்து ஒரு செய்முறை

கொரியப் படங்களுக்குத் தமிழ் வசனவரி எழுதத் தொடங்குபவர்கள் அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்குகிறார்கள். பெரியவரிடம் பேசும் பாத்திரத்துக்கு எழுத்துத் தமிழ், நண்பர்களிடம் பேசும் பாத்திரத்துக்குப் பேச்சுத் தமிழ் என்று பிரித்துவிடுகிறார்கள். விளைவு, மேலதிகாரியிடம் பேசும் போலீஸ்காரர் "தாங்கள் உணவருந்திவிட்டீர்களா?" என்கிறார். தமிழ்நாட்டில் எந்தக் காவல் நிலையத்திலும் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

மரியாதை வேறு, எழுத்து நடை வேறு. "நீங்க உக்காருங்க" என்பதில் முழு மரியாதை இருக்கிறது, ஆனால் அது பேச்சுத் தமிழ். "நீ செல்" என்பது சுத்தமான எழுத்துத் தமிழ், அதில் மரியாதை இல்லை. இந்த இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். வசனவரிக் கோப்பைத் திறப்பது, நேரம் பொருத்துவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: யார் யாரிடம் பேசுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்

பாத்திரத்துக்கு ஒரு நடை என்று வைத்தால் சரிவராது. ஒரே ஆள் பாட்டியிடம் ஒரு மாதிரியும் தம்பியிடம் ஒரு மாதிரியும் பேசுவார். ஆகவே குறிக்க வேண்டியது இருவர் கொண்ட ஜோடியை.

இதற்கு நான் Aegisub என்ற வசனவரி மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். இலவசம். எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு வரிக்கும் Actor என்று ஒரு பெட்டி அதில் இருக்கிறது. அந்தப் பெட்டியில் பேசுபவர் பெயரை மட்டும் போடாமல், கேட்பவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். கோப்பில் அது இப்படி உட்காரும்:

```
Dialogue: 0,0:12:04.10,0:12:06.80,Default,பாட்டி>ஏட்டு,0,0,0,,சாப்பிட்டியாப்பா?
Dialogue: 0,0:12:07.00,0:12:09.20,Default,ஏட்டு>பாட்டி,0,0,0,,ஆச்சு பாட்டி. நீங்க?
```

பெயருக்கு நடுவில் காற்புள்ளி மட்டும் வேண்டாம். அந்தக் கோப்பு வகையில் காற்புள்ளிதான் பெட்டிகளைப் பிரிக்கிறது, அதனால் வரி குழம்பிவிடும்.

படி 2: ஆங்கில வரியை நம்பாமல் கொரிய ஒலியைக் கேளுங்கள்

என்னை அதிகம் நிறுத்திவைத்த படி இது. நம்மில் பலர் கொரிய மூலத்திலிருந்து நேராகச் செய்வதில்லை, ஆங்கில வசனவரியை வைத்துத்தான் செய்கிறோம். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் வேறுபாடு கிடையாது. எனவே கொரிய மொழியில் தெளிவாக இருந்த மரியாதை அளவு நம் கைக்கு வரும் முன்பே காணாமல் போய்விடுகிறது.

மேலே உள்ள காட்சியையே எடுத்துக்கொள்வோம். காவல் நிலையம். சாட்சி சொல்ல வந்த பாட்டி, ஓர் இளம் ஏட்டு, அவருடைய ஆய்வாளர். மூன்று முறை ஒருவர் இன்னொருவரைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே வரி. கொரிய மொழியில் பாட்டி ஏட்டிடம் "பாப் மொகொஸ்ஸோ?" என்கிறார். ஏட்டு பாட்டியிடம் "ஷிக்ஸா ஹஷோஸ்ஸோயோ?" என்கிறார். அதே ஏட்டு ஆய்வாளரிடம் "ஷிக்ஸா ஹஷோஸ்ஸும்னிக்கா?" என்கிறார்.

கொரிய மொழி தெரியாதவரும் இதைக் காதால் பிடிக்கலாம். வாக்கியத்தின் கடைசியை மட்டும் கவனியுங்கள். முடிவில் "யோ" வந்தால் அன்றாட மரியாதை. "ம்னிதா", கேள்வியானால் "ம்னிக்கா" வந்தால் முறைப்படியான மரியாதை. இரண்டும் இல்லாமல் மொட்டையாக முடிந்தால் பெரும்பாலும் பன்மல், அதாவது நம் "வா, போ" பேச்சு. ஜோடி ஒவ்வொன்றுக்கும் முதல் சில வரிகளைக் கேட்டாலே போதும்.

பாட்டி பேசுவது "சாப்பிட்டியாப்பா?". ஏட்டு பாட்டியிடம் "சாப்பிட்டீங்களா பாட்டி?". ஆய்வாளரிடம் "சாப்பிட்டீங்களா சார்?". மூன்றும் பேச்சுத் தமிழ்தான். மரியாதையின் ஏற்றத்தைச் சுமப்பது விகுதியும் விளியும். பாட்டிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே "சாப்பிட்டீங்களா" தான் வருகிறது. அந்த வேறுபாட்டை "பாட்டி", "சார்" என்ற சொற்கள் பார்த்துக்கொள்கின்றன.

ஜோடியின் உறவு இன்னும் தெளிவாகாத காட்சி என்றால் தமிழில் ஒரு நல்ல வழி இருக்கிறது. "சாப்பிட்டாச்சா?", "கிளம்பியாச்சா?" என்று கேட்டால் நீ, நீங்க இரண்டுமே தேவைப்படாது. ஆனால் இதை எல்லா இடத்திலும் போட்டுத் தப்பிக்கக் கூடாது. கொரியக் கதைகளில் இருவர் நெருங்கியதும் மரியாதைப் பேச்சை விட்டுவிடலாமா என்று வாய்விட்டே கேட்டுக்கொள்ளும் கட்டம் அடிக்கடி வரும். தமிழில் அது "எதுக்கு வாங்க போங்கன்னு? வா போன்னே பேசலாமே" என்று அப்படியே பொருந்தும். அதற்கு முந்தைய காட்சிகளில் நீங்கள் "நீ" என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டமே செத்துப்போகும்.

படி 3: எழுத்துத் தமிழுக்கு உண்மையாகவே இடமுள்ள வரிகளைப் பிரியுங்கள்

"ம்னிதா" கேட்டதும் எழுத்துத் தமிழுக்குத் தாவ வேண்டாம். ஏட்டு ஆய்வாளரிடம் தகவல் சொல்வதும் "ம்னிதா"வில் முடியும், காவல் நிலையத்துத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் பேசுவதும் "ம்னிதா"வில் முடியும். தமிழில் இரண்டும் ஒன்றல்ல. ஏட்டு "ஆளைக் கண்டுபிடிச்சிட்டோம் சார்" என்பார். செய்தியாளர் "தேடப்பட்டு வந்த நபரைக் காவல்துறையினர் கைது செய்தனர்" என்பார்.

நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதே வேலையைச் செய்யும் தமிழர் இந்த வரியைத் தாளைப் பார்த்து வாசிப்பாரா, முகத்தைப் பார்த்துப் பேசுவாரா? தாள் என்றால் எழுத்துத் தமிழ். செய்தி, தீர்ப்பு, கடிதத்தைப் பின்னணிக் குரலில் வாசிப்பது, ரயில் நிலைய அறிவிப்பு, மேடைப் பேச்சு, பிரார்த்தனை ஆகியவை இதில் சேரும். நீதிபதி ஒரே காட்சியில் இரண்டுக்கும் போவார். தீர்ப்பில் "குற்றம் ஐயத்திற்கிடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று வாசித்தவர், சாட்சியைப் பார்த்து "பயப்படாம சொல்லுங்கம்மா" என்பார். இந்தத் தாவலை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் வசனம் உயிரோடு இருக்கும்.

படி 4: பேச்சுத் தமிழை எப்படி எழுத்தாக்குவது

டப்பிங் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம், குரல் கொடுப்பவர் வாயில் அது தானாகச் சரியாகிவிடும். அங்கே பேச்சுத் தமிழுக்கு இன்னொரு வசதியும் உண்டு: "சொல்லிவிட்டேன்" நான்கு அசை, "சொல்லிட்டேன்" மூன்று. உதடு மூடும் நேரத்துக்குள் அடக்க அந்த ஓர் அசை உதவும்.

வசனவரியில் நிலைமை வேறு. வரி இரண்டு மூன்று நொடிதான் திரையில் நிற்கும், பார்ப்பவர் அதற்குள் கண்ணால் படித்தாக வேண்டும். காதில் விழுவதை அப்படியே எழுதினால் தடுக்கும். "எடம்", "தொறந்து", "வெல" என்றெல்லாம் நான் எழுதுவதில்லை. "இடம்", "திறந்து", "விலை" போதும். வினைமுடிவுகளிலும் விளிகளிலும் பேச்சு இருந்தால் முழு வரியும் பேச்சாகவே காதில் விழும்.

முக்கியமாக இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, இரண்டாம் வேற்றுமை. பேச்சில் "என்னை" என்பதும் "என்ன" என்றுதான் ஒலிக்கும். "என்ன கேக்கறீங்க?" என்று திரையில் எழுதினால், எதைக் கேட்கிறீர்கள் என்றா, என்னிடமா கேட்கிறீர்கள் என்றா? விசாரணைக் காட்சியில் இந்தக் குழப்பம் கதையையே திருப்பிவிடும். அதனால் ஐகாரத்தை விடாதீர்கள்: "என்னை ஏன் கேக்கறீங்க?".

இரண்டாவது, பெண்பால் வினைமுற்று. "வந்தாள்", "வந்தால்" இரண்டும் பேச்சில் "வந்தா". "அவ வந்தா சொல்றேன்" என்பது நிபந்தனை என்று புரிந்துவிடும். ஆனால் "அவ வந்துட்டா..." என்று வரி அரைகுறையாக நின்றால் அவள் வந்துவிட்டாளா, வந்துவிட்டால் என்ன ஆகும் என்கிறாரா என்று தெரியாது. பேச்சு வரியில் திடீரென்று "வந்துவிட்டாள்" என்று போட்டால் ஒட்டாது. இப்படிப்பட்ட இடத்தில் வாக்கியத்தையே மாற்றுவதுதான் என் வழக்கம்: "அவ வந்தாச்சு".

"வரேன்", "வர்றேன்" போன்றவற்றில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஒரு படத்துக்கு ஒன்று. முடிவெடுத்த எழுத்துக்கூட்டலைத் தனிக் கோப்பில் எழுதி வையுங்கள்.

படி 5: ஜோடி வாரியாக வாசியுங்கள்

Aegisub இல் வரிகளை Actor Name படி வரிசைப்படுத்தினால் "ஏட்டு>ஆய்வாளர்" வரிகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். வாய்விட்டு வாசியுங்கள். நடுவில் ஒரு "உள்ளது", ஒரு "இல்லையெனில்", ஒரு "நீ" ஒளிந்திருந்தால் உடனே உறுத்தும். கதை வரிசையில் வாசிக்கும்போது இவை கண்ணில் படவே படாது. முடிந்ததும் Start Time படி திரும்ப வரிசைப்படுத்த மறக்காதீர்கள்.

அரசவைக் கதையாக இருந்தால்

ஜோசோன் காலத்துக் கதைகளில் அமைச்சர்கள் அரசரை "ஜொனா" என்று அழைத்துக் குனிந்து பேசுவார்கள். தமிழ்ப் பார்வையாளருக்கு அரசவை என்றாலே காதில் எழுத்துத் தமிழ்தான், ஆகவே இங்கே எழுத்துத் தமிழே சரி. மரியாதை அளவு இங்கும் தனி. அரசர் "நீ அறிந்ததைச் சொல்" என்பார், அமைச்சர் "தாங்கள் பொறுத்தருள வேண்டும், அரசே" என்பார். இருவரும் எழுத்துத் தமிழ், மரியாதை மட்டும் எதிரெதிர். "யாம்", "யாது" அளவுக்குப் போவது எனக்குப் பிடிக்காது, இரண்டு நொடியில் படிக்க முடியாது.

சந்தையில் காய்கறி விற்பவரும் அரண்மனைச் சமையல்காரரும் தங்களுக்குள் பேசுவது பேச்சுத் தமிழாகவே இருக்கட்டும், "சார்", "ஓகே", "டைம்" மட்டும் உள்ளே வரக் கூடாது. அவர்களில் ஒருவர் அரசர் முன் நிறுத்தப்பட்டால் எழுத்துத் தமிழுக்குத் தடுமாறிப் போகலாம். சில காட்சிகளில் நகைச்சுவையே அதில்தான் இருக்கும்.

பின்னர் சேர்த்தது

புசான் வட்டாரப் பேச்சு பேசும் பாத்திரத்துக்கு மதுரைத் தமிழோ நெல்லைத் தமிழோ கொடுக்கலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் கொடுப்பதில்லை. "ஏலே" என்று ஒரு கொரியர் சொன்னதும் பார்ப்பவர் மனம் திருநெல்வேலிக்குப் போய்விடும். பாத்திரத்தின் பேச்சை மற்றவர்கள் கிண்டல் செய்வது கதையில் வந்தால் மட்டும், ஊர் அடையாளம் இல்லாத வகையில் அவர் வரிகளைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக, குறுக்கி எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவர் சுட்டியது முக்கியமானது. "வர்றாங்க", "சொல்லுங்க" என்பதைப் பொதுப் பேச்சுத் தமிழ் என்று நாம் நினைத்தாலும், அங்கே அது இந்தியத் தமிழாகத்தான் கேட்கும். அவர்கள் வீட்டில் "வருகினம்", "சொல்லுங்கோ". இலங்கைப் பார்வையாளருக்காகவே செய்கிறீர்கள் என்றால் படி 4 இன் எழுத்துக்கூட்டல் கோப்பை அங்குள்ள ஒருவருடன் உட்கார்ந்து புதிதாக எழுதுங்கள். படி 1 இல் போட்ட ஜோடிக் குறிப்புகளை மாற்ற வேண்டியதில்லை.